பத்தே எண்கள், பத்தாயிரம் மறுமாதிரிகள்: நம்பிக்கை இடைவெளியைக் கையால் கட்டிப் பார்ப்பது

கணினி உதவி மையம் ஒன்றுக்கு வந்த பத்துப் புகார்களைத் தீர்க்க எத்தனை நிமிடங்கள் பிடித்தன என்று குறித்து வைத்திருப்பதாகக் கொள்வோம். கணக்கு எளிதாக வரட்டும் என்று நானே அமைத்துக்கொண்ட எண்கள் இவை:

4, 5, 6, 6, 7, 8, 9, 11, 14, 30

கூட்டினால் 100. சராசரி 10 நிமிடம். ஆனால் நமக்கு வேண்டியது இந்தப் பத்துப் புகார்களின் சராசரி அல்ல. அந்த மையத்துக்கு வந்துகொண்டே இருக்கும் எல்லாப் புகார்களின் சராசரி. வேறு பத்துப் புகார்கள் நம் கையில் சிக்கியிருந்தால் 8 வந்திருக்கலாம், 13 வந்திருக்கலாம். அப்படியானால் இந்த 10 என்ற எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம்? இந்தக் கேள்விக்கு ஒரு கீழ் எல்லையும் ஒரு மேல் எல்லையும் விடையாகச் சொல்வதுதான் நம்பிக்கை இடைவெளி.

பாடநூல் வழி நமக்குத் தெரியும்: திட்ட விலக்கத்தைக் கண்டுபிடி, மாதிரி அளவின் வர்க்கமூலத்தால் வகு, டி அட்டவணையில் இருந்து ஓர் எண்ணை எடுத்துப் பெருக்கு, சராசரியின் இருபுறமும் வை. நம் எண்களுக்குத் திட்ட விலக்கம் 7.63, திட்டப் பிழை 2.41, 95 விழுக்காட்டுக்கான அட்டவணை எண் 2.262. ஆகவே இடைவெளி 4.5 முதல் 15.5 வரை. கணக்கில் பிழையில்லை. ஆனால் கீழ் எல்லையைச் சற்று உற்றுப் பாருங்கள். பத்துப் புகார்களில் ஒன்றே ஒன்றுதான் 4.5 நிமிடத்துக்குள் முடிந்திருக்கிறது. எல்லாப் புகார்களின் சராசரியே அங்கே இருக்கக்கூடும் என்கிறது சூத்திரம். வலப்பக்கம் நீண்ட வால் உள்ள எண்களின் மீது இருபுறமும் ஒரே நீளக் கையை நீட்டியதன் விளைவு இது.

இதே கேள்வியை அட்டவணை இல்லாமல் அணுகும் வழியைத்தான் 1979-இல் பிராட்லி எஃப்ரான் முன்வைத்தார். பூட்ஸ்ட்ராப் என்பது அவர் வைத்த பெயர். தன் காலணியின் பட்டையைத் தானே இழுத்துத் தன்னை மேலே தூக்கிக்கொள்வது என்ற வேடிக்கையான கற்பனையில் இருந்து வந்தது. பெயரைக் கேட்டதும் ஏதோ மோசடி போலத் தோன்றினால் அந்தச் சந்தேகத்தைக் கைவிட்டுவிடாதீர்கள். போகப் போக அது பயன்படும்.

அடிப்படை எண்ணம்

முழுத்தொகுதி நம் கையில் இருந்தால் வேலை சுலபம். அதிலிருந்து பத்துப் பத்தாகப் பலமுறை எடுத்து, ஒவ்வொரு பத்தின் சராசரியும் எங்கெங்கே விழுகிறது என்று பார்த்துவிடலாம். கையில் இருப்பதோ பத்து எண்கள் மட்டும். முழுத்தொகுதி எப்படி இருக்கும் என்பதற்கு நம்மிடம் உள்ள ஒரே சான்று அவைதான். ஆகவே அவற்றையே முழுத்தொகுதியாக வைத்துக்கொண்டு, அதிலிருந்து பத்துப் பத்தாக எடுக்கிறோம். இப்படி எடுக்கும் ஒவ்வொரு பத்தும் ஒரு மறுமாதிரி.

இங்கே நாம் கணிக்க முயல்வது சராசரியை அல்ல, சராசரியின் தடுமாற்றத்தை. மறுமாதிரிகளின் சராசரிகள் மூல மாதிரியின் 10-ஐச் சுற்றி எப்படிச் சிதறுகின்றனவோ, ஏறக்குறைய அப்படித்தான் நம் மாதிரிச் சராசரியும் உண்மைச் சராசரியைச் சுற்றிச் சிதறும் என்பது எதிர்பார்ப்பு. மறுமாதிரிச் சராசரிகளின் நடு எப்போதும் 10 அருகில்தான் இருக்கும். உண்மைச் சராசரி 12 ஆக இருந்தாலும் பூட்ஸ்ட்ராப்புக்கு அது தெரிய வழியில்லை.

முதல் படி: கையால் மூன்று முறை

கணினியைத் தொடுவதற்கு முன் மூன்று மறுமாதிரிகளையாவது காகிதத்தில் எடுத்துப் பார்க்குமாறு சொல்வேன். பத்து எண்கள் இருப்பதால் ஒரு வசதி உண்டு: வரிசையில் 4-க்கு 0, 5-க்கு 1 என்று தொடங்கி 30-க்கு 9 என்பது வரை இலக்கம் இட்டுவிட்டால், பத்துத் தற்செயல் இலக்கங்கள் ஒரு மறுமாதிரியைத் தந்துவிடும்.

முதலில் வந்த இலக்கங்கள் 3 8 0 8 5 1 6 3 2 7. அவை சுட்டும் எண்கள் 6, 14, 4, 14, 8, 5, 9, 6, 6, 11. கூட்டுத்தொகை 83, சராசரி 8.3. 14 இரண்டு முறை வந்திருக்கிறது, 30 வரவே இல்லை.

அடுத்து 9 4 1 9 6 0 2 5 4 7. எண்கள் 30, 7, 5, 30, 9, 4, 6, 8, 7, 11. சராசரி 11.7. இம்முறை 30 இருமுறை.

மூன்றாவது 2 2 9 7 1 3 5 0 8 6. எண்கள் 6, 6, 30, 11, 5, 6, 8, 4, 14, 9. சராசரி 9.9.

ஒவ்வோர் எண்ணையும் எடுத்த பிறகு திரும்ப உள்ளே வைத்துவிட்டுத்தான் அடுத்ததை எடுக்கிறோம் என்பதைக் கவனியுங்கள். திருப்பி வைக்காமல் எடுத்தால் பத்தும் ஒருமுறை வெளியே வந்துவிடும். வரிசை மாறுமே தவிர சராசரி எப்போதும் 10 ஆகவே இருக்கும். நிரல் எழுதும்போது இந்தத் தவறு நேர்ந்தால் கண்டுபிடிப்பது எளிது: இடைவெளியின் இரு எல்லைகளும் ஒரே எண்ணாக வந்து நிற்கும்.

இரண்டாம் படி: பத்தாயிரம் முறை

பத்து இடங்களிலும் பத்து இலக்கங்களில் எது வேண்டுமானாலும் வரலாம் என்பதால் மொத்தம் 1000 கோடி வரிசைகள். எல்லாவற்றையும் எழுத வேண்டியதில்லை. தற்செயலாக ஒரு பத்தாயிரம் போதும்.

```python
import numpy as np

rng = np.random.default_rng(7)
x = np.array([4, 5, 6, 6, 7, 8, 9, 11, 14, 30])
m = np.array([rng.choice(x, size=len(x), replace=True).mean()
              for _ in range(10000)])
print(m.mean(), m.std())
print(np.percentile(m, [2.5, 97.5]))
```

முதல் வரியில் சராசரி 10-ஐ ஒட்டியும், சிதறல் 2.29-ஐ ஒட்டியும் வர வேண்டும். இந்த 2.29-ஐக் கையாலும் சரிபார்க்கலாம்: மூல எண்களின் விலக்க வர்க்கங்களின் கூட்டுத்தொகை 524, அதைப் பத்தால் வகுத்தால் 52.4, வர்க்கமூலம் 7.24, அதை 10-இன் வர்க்கமூலமான 3.16-ஆல் வகுத்தால் 2.29. உங்கள் நிரல் இதிலிருந்து வெகுவாக விலகினால் நிரலில்தான் ஏதோ தவறு. பெரும்பாலும் மறுமாதிரியின் அளவை மாற்றியிருப்பீர்கள். பத்துக்குப் பதில் இருபது எடுத்தால் சிதறல் 1.62 ஆகச் சுருங்கிவிடும். மூல மாதிரியில் எத்தனை இருந்தனவோ அத்தனையேதான் எடுக்க வேண்டும். ஏனென்றால் பத்து எண்களின் சராசரி எப்படித் தடுமாறும் என்பதே நம் கேள்வி.

இந்த 2.29 தான் பூட்ஸ்ட்ராப் தரும் திட்டப் பிழை. பழக்கதோஷத்தில் இதை மறுபடியும் பத்தாயிரத்தின் வர்க்கமூலத்தால் வகுத்துவிடுபவர்கள் உண்டு. அப்படி வகுத்தால் இடைவெளி 9.96 முதல் 10.04 வரை என்று வந்து நிற்கும். பத்தே புகார்களைப் பார்த்தவர் சராசரியை ஒரு நிமிடத்தின் இருபதில் ஒரு பங்குக்குள் பிடித்துவிட்டதாகச் சொன்னால் யார் நம்புவார்கள்? பத்தாயிரம் என்பது நாம் உழைத்த அளவு. அது தரவின் அளவு ஆகாது. அதை ஒரு லட்சம் ஆக்கினால் எல்லைகள் ஒவ்வோர் ஓட்டத்திலும் ஆடுவது குறையும். இடைவெளியின் அகலம் குறையாது. ஆட்டம் எவ்வளவு என்று அறிய, `default_rng` உள்ளே இருக்கும் 7-ஐ மாற்றி இரண்டு மூன்று முறை ஓட்டினால் போதும். நீங்கள் அறிவிக்கப்போகும் கடைசி இலக்கம் மாறிக்கொண்டே இருந்தால் எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

மூன்றாம் படி: இரு ஓரங்களையும் வெட்டுதல்

பத்தாயிரம் சராசரிகளையும் சிறியதில் இருந்து பெரியதாக அடுக்கி, கீழே 250-ஐயும் மேலே 250-ஐயும் ஒதுக்கினால் நடுவில் 95 விழுக்காடு மிஞ்சும். அதன் இரு முனைகள்தான் 2.5-ஆவது, 97.5-ஆவது நூற்றுமானங்கள். நம் எண்களுக்கு அவை ஏறக்குறைய 6.4, 15.1.

சூத்திரம் தந்த 4.5 முதல் 15.5 வரையுடன் ஒப்பிடுங்கள். 10-இல் இருந்து இடது கை 3.6 நீளம், வலது கை 5.1 நீளம். தரவு வலப்பக்கம் சாய்ந்திருப்பதை யாரும் சொல்லித் தராமலே இந்த முறை பிடித்துக்கொண்டது. சராசரிக்குப் பதில் இடைநிலை அளவு வேண்டுமென்றாலும் `rng.choice(...)`-ஐ அடுத்த `.mean()`-ஐ நீக்கிவிட்டு, அந்த `rng.choice(...)`-ஐ `np.median(...)` உள்ளே வைத்தால் முடிந்தது. புதிய சூத்திரம் தேட வேண்டியதில்லை. இந்த முறை பரவியதற்கு இந்த வசதியே பெரிய காரணம்.

பலரும் இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். மாதிரி சிறியதாக இருக்கும்போது நிறுத்தக் கூடாத இடம் இது.

நான்காம் படி: படத்தைப் பார்ப்பது

`m`-இல் உள்ள பத்தாயிரம் எண்களையும் பட்டை வரைபடமாக வரைந்து பாருங்கள். வழவழப்பான மணி வடிவம் கிடைக்காது. 7.8 அருகில் ஒரு மேடு, 10 அருகில் இன்னொன்று, 12.2 அருகில் மங்கலாக மூன்றாவது. இந்த மேடுகள் எங்கிருந்து வந்தன?

எல்லாம் அந்த 30 செய்கிற வேலை. ஒரு மறுமாதிரியில் 30 வராமலே போக வாய்ப்பு 0.9-இன் பத்தாம் அடுக்கு, அதாவது சுமார் 35 விழுக்காடு. ஒருமுறை வர 39, இருமுறை வர 19, மூன்று முறை வர 6 விழுக்காடு. 30 இல்லாதபோது மீதி ஒன்பது எண்களின் சராசரியான 7.8-ஐச் சுற்றி விழுகிறது. ஒவ்வொரு முறை அது கூடுதலாக நுழையும்போதும் சராசரி ஏறக்குறைய 2.2 நிமிடம் மேலே தாவுகிறது. ஆக, மேல் எல்லையான 15.1 என்பது 30 மூன்று நான்கு முறை வந்த மறுமாதிரிகள் தீர்மானித்த எண். ஒற்றைப் புகார் ஒன்றுதான் நம் இடைவெளியின் வலது சுவரைத் தாங்கி நிற்கிறது.

அதற்காக 30-ஐத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அது தட்டச்சுப் பிழையா, உண்மையிலேயே அரை மணி நேரம் பிடித்த புகாரா என்று மூலக் குறிப்பைத் திறந்து பாருங்கள். உண்மை என்றால், பத்தில் ஒன்று அப்படி இருக்கிறது என்பதும் தரவு சொல்லும் செய்திதான். 60, 90 நிமிடப் புகார்கள் வெளியே இருந்து நம் பத்தில் சிக்காமல் போயிருக்கவும் கூடும். மறுமாதிரி எத்தனை எடுத்தாலும் அதில் 31 என்ற எண் ஒருபோதும் வராது.

95 விழுக்காடு எதைக் குறிக்கிறது

உண்மைச் சராசரி 6.4-க்கும் 15.1-க்கும் இடையே இருக்க 95 விழுக்காடு வாய்ப்பு என்று சொல்லத்தான் நாக்கு துடிக்கும். 1937-இல் ஜெர்சி நெய்மன் இந்த இடைவெளிகளுக்கு முறையான கோட்பாட்டை வகுத்தபோது சொன்னது வேறு. உண்மைச் சராசரி ஓரிடத்தில் அசையாமல் நிற்கிறது. அசைவது நம் இடைவெளி. வேறு வேறு பத்துப் புகார்களைக் கொண்டு இதே வேலையை நூறு பேர் செய்தால் நூறு வேறு இடைவெளிகள் கிடைக்கும். அவற்றில் சுமார் 95 உண்மைச் சராசரியைத் தமக்குள் பிடித்திருக்க வேண்டும். 95 என்பது வலையின் தரம் பற்றிய வாக்குறுதி. இந்த ஒரு வீச்சில் மீன் இருக்கிறதா என்பது பற்றியது அல்ல.

வாக்குறுதி என்றால் சோதிக்கலாம். விடை தெரிந்த ஒரு முழுத்தொகுதியை, எடுத்துக்காட்டாகச் சராசரி 10 உள்ள இயல்நிலைப் பரவலை, கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து பத்து எண்கள் எடுங்கள், மேலே சொன்ன பூட்ஸ்ட்ராப்பைச் செய்யுங்கள், 10 உள்ளே விழுந்ததா என்று குறியுங்கள். இதை இரண்டாயிரம் முறை திரும்பச் செய்து எண்ணினால் 95 வராது. 90 விழுக்காட்டை ஒட்டி வரும். வலப்பக்கம் சாய்ந்த பரவலை எடுத்தால் அதைவிடவும் குறையும்.

ஏன் குறைகிறது, எப்படி ஈடுகட்டுவது

இயல்நிலைப் பரவலிலேயே ஏற்படும் இழப்புக்கு இரண்டு காரணங்கள். முதலாவதை ஏற்கெனவே பார்த்துவிட்டோம், கவனித்திருக்க மாட்டீர்கள். 524-ஐப் பத்தால் வகுத்தோம். பாடநூல் ஒன்பதால் வகுக்கச் சொல்லும். மாதிரியையே முழுத்தொகுதியாக நடத்துவதால் பூட்ஸ்ட்ராப் தானாகவே பத்தால் வகுத்துவிடுகிறது. அதனால்தான் 2.41-க்குப் பதில் 2.29 வந்தது. மாதிரி அளவு நூறு என்றால் இந்த வேறுபாடு அரை விழுக்காடுதான். பத்து என்றால் ஐந்து விழுக்காடு.

இரண்டாவது காரணம் பெரியது. பத்து எண்களில் இருந்து சிதறலைக் கணிப்பதிலும் தடுமாற்றம் உண்டு. அதற்கு ஈடாகத்தான் டி அட்டவணை 1.96-க்குப் பதில் 2.262 தருகிறது. நூற்றுமான முறையில் அப்படிப்பட்ட ஈடு எதுவும் கிடையாது. இரண்டு குறைகளும் சேரும்போது, சமச்சீரான தரவில் பத்து எண்களுக்கான இடைவெளி இருக்க வேண்டிய நீளத்தில் 82 விழுக்காடாக நின்றுவிடுகிறது.

எளிய ஈடு ஒன்று உண்டு: ஓரங்களைக் குறைவாக வெட்டுவது. 2.262-ஐ 10/9-இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் 2.384. இயல்நிலைப் பரவலில் அந்தப் புள்ளிக்கு அப்பால் மிஞ்சுவது 0.86 விழுக்காடு. ஆகவே 2.5, 97.5 என்பதற்குப் பதில் 0.86, 99.14 நூற்றுமானங்களை எடுக்க வேண்டும்.

```python
from scipy import stats
n = len(x)
a = stats.norm.cdf(-np.sqrt(n/(n-1)) * stats.t.ppf(0.975, n-1))
print(np.percentile(m, [100*a, 100*(1-a)]))
```

நம் புகார்களுக்கு இது ஏறக்குறைய 6 முதல் 16.5 வரை என்று விரிகிறது. வலது கை இப்போது 6.5 நிமிடம். சாய்வும் காப்பாற்றப்படுகிறது, அகலமும் ஓரளவு நேராகிறது. நூறு எண்கள் இருக்கும்போது இந்தத் திருத்தம் எல்லைகளைச் சிறிதளவே நகர்த்தும். பத்து, பதினைந்து எண்களில் இதைச் செய்யாமல் விடுவது என் பார்வையில் அலட்சியம்.

சாய்வு கடுமையாக இருந்தால் இன்னொரு படி மேலே போகலாம். ஒவ்வொரு மறுமாதிரியிலும் சராசரியை மட்டும் குறிக்காமல், அதன் சொந்தத் திட்டப் பிழையையும் கண்டுபிடித்து, சராசரியில் இருந்து 10-ஐக் கழித்து அந்தப் பிழையால் வகுத்துக் குறிப்பது. டி அட்டவணையை நம் தரவில் இருந்தே தயாரித்துக்கொள்வதற்குச் சமம் இது, பூட்ஸ்ட்ராப்-டி என்பார்கள். நம் எண்களில் இதைச் செய்தால் கீழ் எல்லை 6.5-ஐ ஒட்டியே நிற்கும், மேல் எல்லையோ 20-ஐத் தாண்டிவிடும். காரணத்தை ஊகிக்கலாம்: 30 இல்லாத மறுமாதிரிகளில் சராசரியும் தாழ்கிறது, சிதறலும் திடீரென்று சுருங்குகிறது. அப்படிப்பட்ட மாதிரி கையில் சிக்கியவர் உண்மையைவிடக் கீழே நின்றுகொண்டு, மிகுந்த துல்லியம் இருப்பதாகவும் நம்பிக்கொண்டிருப்பார். அந்த ஆபத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வதால்தான் மேல் எல்லை அத்தனை தூரம் போகிறது. ஆனால் பத்து எண்களில் இந்த முறை மிகவும் துள்ளும். அந்த எல்லையை அப்படியே அறிவிக்க மாட்டேன். சராசரியின் மேல் எல்லையை இந்தத் தரவால் கட்டிப்போட முடியவில்லை என்பதற்கான எச்சரிக்கையாக வாசிப்பேன்.

எங்கே செய்யவே கூடாது

புகார் தீர அதிகபட்சம் எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராவது கேட்டால் இந்த வழியில் இறங்காதீர்கள். பத்தாயிரம் மறுமாதிரிகளில் சுமார் 65 விழுக்காட்டில் பேரெண் 30 ஆகவே இருக்கும், ஒன்றில்கூட அதற்கு மேல் போகாது. நூற்றுமான இடைவெளியின் மேல் எல்லை 30-இலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். எல்லை ஒன்று மாதிரியின் பேரெண்ணாகவோ சிற்றெண்ணாகவோ அப்படியே வந்தால் முறை உடைந்துவிட்டது என்று அறிந்துகொள்ளலாம். இங்கே மறுமாதிரிகளைக் கூட்டுவது உதவாது, தரவைக் கூட்டினாலும் இந்தக் கோளாறு தீராது.

இன்னொரு தவறு படத்திலும் தெரியாது, எண்களிலும் தெரியாது. அந்தப் பத்துப் புகார்களில் நான்கு ஒரே பணியாளரால் தீர்க்கப்பட்டவை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் வேகமானவர் என்றால் நான்கும் ஒன்றாகவே குறையும். அவை நான்கு தனிச் சான்றுகள் அல்ல. எண்களைத் தனித்தனியாக எடுக்கும் மறுமாதிரி அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டு, இடைவெளியை இருக்க வேண்டியதைவிடக் குறுக்கிவிடும். அப்போது குலுக்கிப் போட வேண்டியவை பணியாளர்களின் பெயர்கள். ஒரு பெயர் வந்தால் அவருடைய புகார்கள் அனைத்தும் சேர்ந்தே வர வேண்டும். மொத்தமே மூன்று பணியாளர்கள்தான் என்றால் உங்கள் மாதிரியின் உண்மையான அளவு மூன்றுக்குப் பக்கத்தில்தான். அதற்கு பூட்ஸ்ட்ராப்பிடம் மருந்து இல்லை.

பத்துப் புகார்களும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்று உறுதியானால் நான் அறிக்கையில் எழுதுவது இப்படி இருக்கும்: “சராசரி 10 நிமிடம், 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி 6 முதல் 16.5 நிமிடம் வரை. 10 புகார்கள், 10,000 மறுமாதிரிகள், சிறு மாதிரிக்கு விரிக்கப்பட்ட நூற்றுமான முறை. மேல் எல்லை பெரும்பாலும் 30 நிமிடம் எடுத்த ஒரே புகாரைப் பொறுத்தது.”